எறும்பு வரவில்லை என்று ஏமாற வேண்டாம்

ஆசிரியர் தலையங்கம்



முதியோர் தினத்தையொட்டி நமது தோட்டப் பகுதியொன்றில் முதியோர் ஒன்றுகூடல் நடந்தது. கோவில் மண்டபத்தில் பாய் விரித்து, பெரியவர்கள் எண்பது பேர் வரை அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலானோர் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் ஓய்வுபெற்றவர்கள். பேர் முடிந்த பிறகும் கைக்காசுக்கு மலைக்குப் போகிறவர்கள் பலர். மாலையும் பொன்னாடையும் முடிந்த பின்னர், தோட்டப் பாடசாலையில் முப்பது வருடங்கள் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் பேச எழுந்தார். கையில் ஒரு சீ.ஆர். கொப்பி மட்டுமே இருந்தது.

"நான் இன்றைக்கு அரசியல் பேசவில்லை. என்னுடைய இரத்தத்தில் இருக்கும் சீனியைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்று அவர் தொடங்கினார். சிலர் சிரித்தார்கள். அரைமணி நேரம் கழித்து யாரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னதை நமது எல்லாக் குடும்பங்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே இம்முறை தலையங்கத்தை அந்தப் பேச்சுக்கு ஒதுக்குகிறோம்.

மாஸ்டர் முதலில் கேட்ட கேள்வி இது: "சீனி வருத்தம் இருக்கிறதா இல்லையா என்று நம்ம ஆட்கள் எப்படிப் பார்ப்பார்கள்?" முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி உடனே பதில் சொன்னார்: "சிறுநீர் போன இடத்துல எறும்பு மொய்க்குதான்னு பார்ப்போம், மாஸ்டர்."

அவர் தலையை ஆட்டினார். "பழைய காலத்துப் பரிசோதனை. பொய்யும் இல்லை. ஆனால் அறுபதுக்குப் பிறகு அது நம்மை ஏமாற்றிவிடும்" என்றார். ஏன் என்பதற்கு அவர் சொன்ன உதாரணம், காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் விளங்கக் கூடியது.

மழை பெய்து நீர்த்தேக்கம் நிறைந்தால் மேலதிகத் தண்ணீர் வான் பாய்கிறது. கீழே இருப்பவர்களுக்கு மேலே தண்ணீர் ஏறியிருப்பது அப்போதுதான் தெரியும். நமது சிறுநீரகமும் ஒரு வான் போலத்தான். இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போனாலும் ஓர் அளவு வரை சிறுநீரகம் அதை வெளியே விடாது. வழக்கமாக அந்த அளவு 180 மில்லிகிராம் அளவில் இருக்கும். அதைத் தாண்டினால்தான் சீனி சிறுநீரில் வழிகிறது. சீனி வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர் போகிறது, தாகம் எடுக்கிறது, எறும்பும் வருகிறது.

வயது ஏற ஏற அந்த வானின் மட்டமும் உயர்ந்துவிடுகிறது. 200ஐத் தாண்டிய பின்னரும் சிலருக்குச் சிறுநீரில் சீனி தெரியாது. அதோடு வயதானவர்களுக்குத் தாக உணர்வும் குறைந்துவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்திருந்தாலும் நாக்கு கேட்காது. நமது குளிரான மலையில் தாகம் இன்னும் குறைவு. ஆகவே நீர்த்தேக்கம் நிறைந்து நிற்கும், கீழே ஒரு துளியும் வராது. கண்ணும் சிறுநீரகமும் பாதத்தின் நரம்பும் அந்த நேரத்தில் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் மாஸ்டர் தன்னுடைய கதையைச் சொன்னார். அவருக்கு 63 வயதில் வலது கண் மங்கலானது. கண்புரை என்று சொல்லி, சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தம் பார்த்தார்கள். காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். சீனி 238. "எனக்குத் தாகமில்லை, மெலியவில்லை, எறும்பும் வரவில்லை. இரவில் இரண்டு தடவை எழும்புவேன். அது வயதுக்கோளாறு, குளிர் என்று நினைத்தேன். களைப்பு இருந்தது. அதையும் வயது என்று நினைத்தேன்" என்றார்.

அடுத்த வாரம் வெறும் வயிற்றில் பார்த்தபோது 118 மட்டுமே இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "அன்றைக்கு மெஷின் பிழை" என்று மகன் சொன்னாராம். ஆனால் வைத்தியர் அதோடு விடவில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, சரியாக இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு மீண்டும் இரத்தம் எடுத்தார். 231 வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

இந்த மூன்று எண்களுக்கும் என்ன அர்த்தம் என்பதை அவர் கரும்பலகையில் எழுதுவது போல நிதானமாக விளக்கினார். எட்டு மணித்தியாலமாவது சாப்பிடாமல் இருந்து பார்க்கும்போது 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோட்டில் நிற்கிறோம். 126 அல்லது அதற்கு மேல் என்றால் சீனி வருத்தம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணித்தியாலத்தில் 200 அல்லது அதற்கு மேல் வந்தாலும் சீனி வருத்தம்தான். எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்வதில்லை, மீண்டும் பார்த்து உறுதி செய்வார்கள்.

வயதானவர்கள் பலருக்கு வெறும் வயிற்றில் எண் ஏறக்குறையச் சரியாகவே இருக்கும், சாப்பிட்ட பின்தான் எகிறும். உடம்பு இன்சுலினை மெதுவாக விடுவதும், உழைத்த தசைகள் மெலிந்து போவதும் இதற்குக் காரணங்கள். எனவே காலையில் மட்டும் பார்த்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறவர் பாதிக் கணக்கைத்தான் பார்த்திருக்கிறார்.

பிறகு மாஸ்டர் தன் அக்காவின் கதைக்கு வந்தார். மண்டபம் அமைதியானது அப்போதுதான்.

அக்காவுக்கு 68 வயது. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். சீனிக்கு மாத்திரை பாவித்து வந்தார். கிளினிக் நாளுக்கு முதல் நாள், "வெறும் வயிற்றில் வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். அக்கா அதை அப்படியே கேட்டார். ஆனால் மாத்திரையை விடக்கூடாது என்ற பயத்தில் காலை ஐந்தரை மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பஸ் ஏறப் பாதைக்கு நடந்தார். முதல் நாள் இரவும் பாதி ரொட்டிதான் சாப்பிட்டிருந்தார். கிளினிக்கில் வரிசை நீளம். பத்து மணியாகியும் இரத்தம் எடுக்கவில்லை.

பக்கத்தில் இருந்தவர்கள் கூப்பிட்டால் அக்கா வெறித்துப் பார்த்தார். பேர் கேட்டால் அம்மாவின் பேரைச் சொன்னார். கை நடுங்கவில்லை, வியர்க்கவும் இல்லை. "பக்கவாதம் வந்துவிட்டது" என்றார் ஒருவர். "வயசாச்சு, தூக்கக் கலக்கம்" என்றார் இன்னொருவர். ஒரு தாதி வந்து விரலில் குத்திப் பார்த்தார். சீனி 46.

70க்குக் கீழே போனாலே தாழ்சீனி. 54க்குக் கீழே மூளைக்கு ஆபத்து. அக்கா விழுங்கக் கூடிய நிலையில் இருந்ததால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 63. மறுபடியும் அதே அளவு கொடுத்தார்கள். அடுத்த பதினைந்து நிமிடத்தில் 94. அப்போதுதான் அக்கா, "நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார். உடனே பிஸ்கட்டும் சோறும் சாப்பிட வைத்தார்கள். அன்று வீட்டுக்கு அனுப்பவில்லை. அவர் போட்டிருந்தது கணையத்தைத் தூண்டி இன்சுலினை வெளியேற்றும் வகை மாத்திரை. வயதானவரின் சிறுநீரகம் அந்த மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றாது. அதனால் ஒருமுறை ஏற்றிய சீனி சில மணித்தியாலங்களில் மறுபடியும் இறங்கலாம். இரவு முழுவதும் வைத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்கள்.

இளம் வயதில் சீனி இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும். அது உடம்பு அடிக்கும் மணி. அறுபதுக்குப் பிறகு அந்த மணி மெல்லத்தான் அடிக்கும், சிலருக்கு அடிக்கவே அடிக்காது. நேராகக் குழப்பமும் தடுமாற்றமும்தான் வரும். பார்ப்பவர்கள் அதை வயது என்றும் பக்கவாதம் என்றும், சில நேரம் குடி என்றும்கூட நினைத்துவிடுவார்கள்.

"ஏறினாலும் உடம்பு சொல்லாது, இறங்கினாலும் சொல்லாது. ஆகவே எண்ணைக் கேளுங்கள்" என்று மாஸ்டர் சொன்னபோது பலர் தலையசைத்தார்கள்.

அக்காவின் கதையிலிருந்து ஒவ்வொரு வீடும் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை இங்கே எழுதுகிறோம். வெறும் வயிற்றுப் பரிசோதனைக்குப் போகும் நாளில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். சீனி போட்ட தேத்தண்ணீரும், கருப்பட்டி கடித்துக் குடிக்கும் சாயமும் கணக்கைக் கெடுக்கும். சீனி மாத்திரையையோ இன்சுலினையோ அன்று காலையில் எப்போது எடுப்பது என்று முந்தைய கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டு, கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். பொதுவாக இரத்தம் எடுத்து, சாப்பாட்டைக் கையில் எடுத்த பிறகே அவற்றை எடுக்கச் சொல்வார்கள். எனவே சாப்பாட்டுப் பொதியையும் மாத்திரையையும் ஒன்றாகவே கட்டிக்கொண்டு போங்கள். மடியில் ஒரு சின்னப் பொட்டலம் சீனி எப்போதும் இருக்கட்டும்.

யாராவது குழம்பிப் பேசினால் முதலில் சீனியைப் பாருங்கள். மெஷின் இல்லை, ஆள் விழுங்குவார் என்றால், தாமதிக்காமல் மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாதவரின் வாயில் ஒன்றும் ஊற்றக்கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்த முதியவரையும் இதேபோல் கவனிக்க வேண்டும். அந்த நாட்களில் சீனி மிக அதிகமாக ஏறி, உடம்பு வறண்டு, அதே மாதிரிக் குழப்பம் வரலாம்.

விரலில் குத்துவது பற்றியும் மாஸ்டர் சொன்னார். அதை ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைத்திருக்கலாம். ஆனால் நமது கைகள் கொழுந்து பறித்த கைகள். விரல் நுனி தடித்து, கறை ஏறி, குளிரில் விறைத்திருக்கும். நுனியின் நடுவில் குத்தினால் வலி அதிகம், இரத்தம் குறைவு. விரலின் பக்கவாட்டில் குத்த வேண்டும். இரத்தம் வராவிட்டால் அழுத்திப் பிழியாமல், முதலில் கையை இளஞ்சூடான தண்ணீரில் கழுவி, கீழே தொங்கவிட்டு ஆட்டினால் போதும். பிழிந்தால் இரத்தத்தோடு வேறு நீரும் கலந்து எண் மாறும்.

கை கழுவுவது சுத்தத்துக்காக மட்டுமல்ல. ஒருநாள் மாஸ்டர் வாழைப்பழம் உரித்த கையோடு குத்திப் பார்த்தபோது மெஷின் 214 காட்டியது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வேறு விரலில் பார்த்தபோது 137. விரலில் ஒட்டியிருந்த பழச்சீனிதான் மிச்சக் கணக்கு. பரிசோதனைப் பட்டிகளும் ஈரத்தில் கெட்டுப்போகும். மூடியைத் திறந்து வைத்தால் நமது மூடுபனி உள்ளே புகுந்துவிடும். காலாவதித் திகதியையும் போத்தலில் பாருங்கள். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்தக் கூடாது, கணவன் மனைவியானாலும் கூடாது. இரத்தம் வழியாகப் பரவும் ஈரல் அழற்சி போன்ற நோய்கள் அப்படித்தான் வருகின்றன.

அதன் பிறகு மாஸ்டர் அந்தச் சீ.ஆர். கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினார். திகதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எண், அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று ஐந்து பத்திகள். ஒரு வாரத்தில் மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் பார்த்தவை 112, 109, 115. பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்துக்குப் பின் பார்த்தவை 246, 239. அந்த இரு இரவும் கோதுமை மா ரொட்டி மூன்று, உருளைக்கிழங்குக் கறி, பிறகு இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர்.

அடுத்த வாரம் அவர் மாத்திரையில் கை வைக்கவில்லை. ரொட்டியை ஒன்றரையாகக் குறைத்து, கிழங்குக்குப் பதிலாகப் பருப்பும் கீரையும் எடுத்துக்கொண்டார். தேத்தண்ணீருக்குச் சீனியை விட்டார். சாப்பிட்ட பின் லயத்து வாசலில் கால்மணி நேரம் நடந்தார். இரவு எண்கள் 181, 174 என்று இறங்கின. கொப்பியைக் காட்டியபோது வைத்தியர் மருந்தைக் கூட்டவில்லை. "இந்தப் பக்கம் இல்லாவிட்டால் கூட்டியிருப்பேன்" என்றாராம். கிளினிக் காலையில் எடுத்த ஒரே எண்ணை மட்டும் வைத்திருந்தால் இரவில் நடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனையும் இருக்கிறது. வசதி உள்ள இடத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைச் செய்வார்கள். ஆனால் இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு அந்த எண் கூடவோ குறையவோ பிழையாகக் காட்டலாம். நமது பெண்களில் இரத்தச்சோகை உள்ளவர்கள் பலர். ஆகவே இரத்தம் குறைவு என்று எப்போதாவது சொல்லியிருந்தால், அதை வைத்தியருக்கு நினைவுபடுத்துங்கள். விரலில் குத்திப் பார்த்த கொப்பி அப்போது இன்னும் பெறுமதியாகும்.

கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர், "எல்லாரும் எண் தொண்ணூறுல நிக்கணும்னு சொல்றாங்க, எனக்கு எழுபத்தெட்டு வயசு" என்று கேட்டார். மாஸ்டரின் பதில் முக்கியமானது. இளவயதுக்காரரின் இலக்கை முதியவருக்கு வைத்தால் சீனி இறங்கி விழுவார், விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். உடல் நலமாக உள்ள முதியவருக்கு வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இருக்கலாம். வேறு நோய்களும் உள்ளவருக்கு 90 முதல் 150 வரை போதும் என்பது வைத்தியர்கள் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. தனக்குரிய எண் எது என்று ஒவ்வொருவரும் தன் வைத்தியரிடம் கேட்டு, கொப்பியின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.

எத்தனை முறை பார்ப்பது? சீனி வருத்தம் இல்லாத, அறுபதைத் தாண்டிய எவரும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளில் உள்ள சுகவாழ்வு நிலையத்தில் இரத்த அழுத்தத்தோடு சேர்த்து இதையும் இலவசமாகப் பார்க்கலாம். எல்லைக்கோட்டில் நிற்பவர் அந்த வருடப் பரிசோதனையை ஒருபோதும் தவறவிடக் கூடாது. மாத்திரை பாவிப்பவர் கிளினிக் திகதிக்குத் தவறாமல் போவதோடு, மருந்து மாறிய வாரங்களிலும் நோய்வாய்ப்பட்ட நாட்களிலும் கூடுதலாகப் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவருக்கு வைத்தியர் சொல்லும் கணக்கே கணக்கு.

இனி நமது தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் தலைவிகளுக்கும் ஒரு வார்த்தை. மாஸ்டரின் அக்கா அன்று தனியாகப் போனதற்குக் காரணம் இருந்தது. மகள் கூடப் போனால் அன்றைய பேர் போய்விடும். ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுத் தாயைக் கூட்டிப்போக நமது குடும்பங்களால் முடியவில்லை என்பதே உண்மை. ஆகவே ஒவ்வொரு தோட்டத்திலும் கிளினிக்குப் போகும் முதியவர்களின் பெயர்ப் பட்டியலைக் கமிட்டி எடுக்கட்டும். ஒரே திகதியில் போகிறவர்களை ஒன்றாகச் சேர்த்து, ஓர் ஆள் துணையோடு அனுப்பலாம். அந்தத் துணையாளுக்கு அன்றைய பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்துடன் பேச வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் வேலை செய்யும் மெஷினும், காலாவதியாகாத பட்டியும், ஆளுக்கொரு புது ஊசியும் இருக்கின்றனவா என்று மாதக் கூட்டத்தில் கேட்பதும் நமது கடமை.

கூட்டம் கலையும் நேரத்தில், எறும்பைப் பற்றிச் சொன்ன அந்தப் பாட்டி மாஸ்டரிடம் வந்து விரலை நீட்டினார். அவர் கொண்டு வந்திருந்த மெஷினில், கை கழுவ வைத்து, புது ஊசியால், விரலின் பக்கவாட்டில் குத்திப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டரை மணித்தியாலம். எண் 263. பாட்டிக்குத் தாகமும் இல்லை, எறும்பும் வந்ததில்லை. அடுத்த கிளினிக் நாளில் அவரைக் கூட்டிப்போக மாதர் தலைவி அங்கேயே பெயரை எழுதிக்கொண்டார்.